கேலிப்ரேஷன் கூட்டம்

மேலாளர்கள் தங்கள் பணியாளர்களுக்கு உத்தேசமாக இட்ட மதிப்பெண்களை ஒன்றுகூடி ஒப்பிட்டு இறுதிசெய்யும் அமர்வு. கைதாராளமான மேலாளர் தரும் ‘4’, கறாரானவர் தரும் ‘3’ இரண்டும் ஒரே தர வேலையைக் குறிக்கலாம். சம்பள உயர்வோ எண்ணைப் பார்த்தே முடிவாகிறது.

கூகுளில் இது நடந்த விதத்தை, அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2015-இல் எழுதிய நூலில் விவரிக்கிறார். ஐந்து முதல் பத்து மேலாளர்கள் அமர்ந்து, பணியாளர் பட்டியலைச் சுவரில் திரையிட்டு விவாதிப்பார்கள். அண்மைச் சம்பவத்தை வைத்து முழு ஆண்டையும் எடைபோடுவது போன்ற பிழைகளை நினைவூட்டும் தாள் தொடக்கத்திலேயே தரப்படும்.

ஒரே பதவிநிலையில், வெவ்வேறு அணிகளில் இருவர் என்று கொள்வோம். ஒருவர் பழுதான மென்பொருளை இரவெல்லாம் விழித்துச் சரிசெய்து ‘4’ பெறுகிறார். மற்றவர் பழுதே வராமல் அமைத்து ‘3’ பெறுகிறார். சான்றுகளை அருகருகே வைக்கும்போதுதான் இரண்டாமவருக்கு நேர்ந்த குறை தெரியும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது இங்கே பெரிய ஆபத்து. வேலைச் சான்று எதுவும் பதிவாகாமல் மதிப்பெண் மட்டும் மாறியிருந்தால், வென்றது மேலாளரின் பேச்சுவன்மைதான்.

இத்தனை பேர் கீழ்நிலையில் இருந்தே ஆகவேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்குவது வேறு முறை. அந்தக் கட்டாயத் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது.