ஒரு மருந்துத் தாளின் வரலாறு

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் வைத்தோம். டெல்டாக்காரர்களுக்கு வேறு இடம் தோன்றாது. எமனைக் காலால் உதைத்து மார்க்கண்டேயனைக் காப்பாற்றிய சாமி இருக்கும் ஊர். அறுபதுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். முகூர்த்த நாளில் பிரகாரம் முழுக்க மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லாக் கணக்கும் ஆணின் வயதை வைத்துத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவுக்கு அன்று 53.

கும்பகோணத்திலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். மயிலாடுதுறை வருவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஹோமம் முடிந்து, கலச நீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றி, நனைந்த பட்டுப்புடவையோடு அவள் உட்கார்ந்திருந்தபோது முகம் சரியில்லை. புகை என்று நினைத்தேன். முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது ராத்திரிதான் தெரிந்தது. அதையும் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னாள். "தண்ணி குடிச்சா போகணும். போனா எரியுது. அவ்ளோ பேர் இருக்கிற எடத்துல எத்தன தடவ எந்திரிக்கறது?"

வீட்டில் இதற்குப் பெயர் சூடு. இளநீர், வெந்தயம், மோர், எல்லாம் ஆகியிருந்தது. பிறகு நீர்க்கடுப்பு என்று பெயர் மாறி, ஒரு வருடத்துக்குள் மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாள். முதல் இரண்டு முறை யூரின் கல்ச்சர் எடுக்காமலே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை எடுத்ததில் கிருமி எதுவும் வளரவில்லை. ஆனாலும் மாத்திரை கொடுக்கப்பட்டது, ஆனாலும் எரிச்சல் போகவில்லை. அந்த ரிப்போர்ட்டை அப்போதே யாராவது நிதானமாகப் படித்திருந்தால் பாதி விஷயம் புரிந்திருக்கும். கிருமி இல்லை, எரிகிறது என்றால், எரிவது வேறு ஏதோ.

மனைவி அவளை ஒரு மகளிர் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மருத்துவர் முதலில் சர்க்கரை பார்த்தார், சாதாரணமாக இருந்தது. பிறகு பரிசோதித்துவிட்டு, யோனியின் உட்சுவர் வெளிறி, மடிப்புகள் மறைந்து, தொட்டால் வலிக்கும் அளவுக்கு மெலிந்திருக்கிறது என்றார். அமிலத்தன்மை பார்க்கும் காகிதத்தை வைத்துப் பார்த்தார், அமிலம் போதவில்லை. "மாதவிலக்கு நின்னு எத்தன வருஷம் ஆச்சு?" "ஆறு." "வறட்சிம்மா இது. வீட்டுக்காரரோட இருக்கும்போதும் வலிக்குமே?" அம்மா பதில் சொல்லவில்லையாம். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாளாம். சில வாரங்களுக்கு முன்புதான் ஊரே கூடி அவளுக்கு இரண்டாம் முறை தாலி கட்டிப் பார்த்திருந்தது.

ஈஸ்ட்ரியால் கிரீம் எழுதிக்கொடுத்தார். அரை கிராம் கிரீமில் அரை மில்லிகிராம் மருந்து. இரண்டு வாரம் தினமும் ராத்திரி படுக்கும்போது உள்ளே வைக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. அம்மா வாங்கினாள், டப்பாவைத் திறந்தாள், உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் படித்தாள். மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு. டியூப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போனது. நான்கு மாதம் கழித்து மனைவி கண்டெடுத்தபோது மூடி திறக்கப்படவே இல்லை.

அந்த நான்கு வார்த்தைகள் அந்தத் தாளுக்குள் எப்படி வந்தன என்று தேடத் தொடங்கியதில் உருவானது இந்தக் கட்டுரை. பழைய நிரலில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, நீக்கவும் பயம், அதனால் அப்படியே பிரதியெடுத்துப் போவோம். என் தொழிலில் இது தினசரி. இங்கேயும் ஏறக்குறைய அதுதான் நடந்திருக்கிறது.

கதை எலியிலிருந்து தொடங்குகிறது. 1917ல் ஸ்டாக்கார்ட், பாபனிகொலாவ் என்ற இருவர் (இரண்டாமவர் பெயரில்தான் இன்றும் பாப் ஸ்மியர் நடக்கிறது) கினிப் பன்றியின் யோனியிலிருந்து செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சுழற்சிக்கு ஏற்ப அந்தச் செல்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1923ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எட்கர் ஆலன், எட்வர்ட் டோய்ஸி இருவரும் இதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். சினைப்பை நீக்கப்பட்ட எலிக்குப் பன்றிச் சினைப்பையிலிருந்து எடுத்த திரவத்தை ஊசியாகப் போட்டார்கள். மெலிந்து கிடந்த யோனிச் சுவர் தடித்து, மேலடுக்குச் செல்கள் தகடு தகடாக உதிர ஆரம்பித்தன. திரவத்தில் அந்தப் பொருள் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு எவ்வளவு திரவம் எலியின் சுவரை மாற்றுகிறது என்பதே மருந்தின் அலகாகவும் ஆனது. 1929ல் டோய்ஸி முதல் ஈஸ்ட்ரோஜனைப் படிகமாகப் பிரித்தார். 1935ல் அவருடைய குழு எஸ்ட்ரடையாலைப் பிரித்தெடுக்க நான்கு டன் பன்றிச் சினைப்பை தேவைப்பட்டது. கிடைத்தது சுமார் 12 மில்லிகிராம்.

நான் படித்ததிலேயே என்னை நிறுத்திய இடம் இது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஒன்று இருப்பதையே மனிதர்கள் அந்தச் சுவர் தடிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அம்மாவின் எரிச்சலுக்கான பதில் அந்த மருந்தைப் பற்றிய முதல் தகவல். சிறுநீர் பாதையும் சீக்கிரமே கதைக்குள் வந்துவிட்டது. 1941லேயே நியூயார்க்கில் சால்மன், வால்ட்டர், கைஸ்ட் என்ற மூவர், மாதவிலக்கு நின்ற பெண்களின் நீர்க்கடுப்புக்கும் கட்டுப்பாடில்லாமல் சிறுநீர் கசிவதற்கும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கருவில் இருக்கும்போது யோனியின் கீழ்ப்பகுதியும், சிறுநீர் வெளியேறும் குழாயும், பையின் கீழ்ப்பகுதியும் அக்கம்பக்கமாக, ஏறக்குறைய ஒரே மூலத்திலிருந்து உருவாகின்றன. மூன்றிலும் ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. வரத்து நின்றால் மூன்றும் சேர்ந்தே மெலிகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் ஒரு வயல் மட்டுமா காயும்?

பிறகு மருந்து வேறு பக்கம் போய்விட்டது. சினையான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966ல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், இதைச் சாப்பிட்டால் பெண் என்றும் இளமையாக இருப்பாள் என்ற தொனியில் புத்தகம் எழுத, விற்பனை பறந்தது. 1975ல் வெளிவந்த ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் மாத்திரையாக நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் அதிகம் என்றன. அதைத் தடுக்க இன்னொரு ஹார்மோனும் சேர்க்கப்பட்டது. 2002ல் அந்தக் கலவை மாத்திரையைப் பற்றிய பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. சராசரி வயது 63 உள்ள 16,608 பெண்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் அதிகமாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். பக்கவாதமும் ரத்தக்கட்டும் கூடின. அடுத்த ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஈஸ்ட்ரோஜன் உள்ள எல்லாப் பொருட்களிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடவைத்தது. தினமும் விழுங்கும் மாத்திரைக்குப் போட்ட அதே வாசகம், வாரம் இருமுறை உள்ளே வைக்கும் கிரீமுக்கும் வந்து சேர்ந்தது. அம்மாவின் டப்பாவிலிருந்த தாள் பேசியதும் அந்த மொழியைத்தான்.

இரண்டுக்கும் அளவில் எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்குப் போட்டேன். எஸ்ட்ரடையால் யோனி மாத்திரை ஒன்றில் 10 மைக்ரோகிராம் இருக்கும். முதல் இரண்டு வாரம் தினமும் ஒன்று, 14. மீதி 50 வாரத்துக்கு இரண்டிரண்டு, 100. மொத்தம் 114 மாத்திரை, 1,140 மைக்ரோகிராம், அதாவது 1.14 மில்லிகிராம். விழுங்கும் எஸ்ட்ரடையால் மாத்திரை பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம். அங்கே ஒரு நாள் போவது, இங்கே ஏறக்குறைய ஒரு வருடம் போகிறது. அம்மாவின் கிரீமில் இருப்பது ஈஸ்ட்ரியால், அது வேறு பொருள், வலு மிகக் குறைவு. அதனால் அதன் மில்லிகிராமை இதோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனால் தத்துவம் அதேதான். மெலிந்த சுவர் முதல் சில நாட்கள் மருந்தைக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும். சுவர் தடித்ததும் உறிஞ்சுவது குறைந்துவிடும். குறைந்த அளவில் பயன்படுத்தும்போது ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குரிய வரம்பிலேயே இருக்கிறது.

சுவர் தடிப்பது எப்படி நீர்க்கடுப்பை நிறுத்துகிறது? தடித்த சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேர்கிறது. செல்கள் உதிரும்போது லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் அதைத் தின்று அமிலம் ஆக்குகின்றன. தயிர் உறைவதும் இந்த இனத்துக் கிருமிகளால்தான். அந்தப் புளிப்பில், மலப்பாதையிலிருந்து வரும் ஈகோலை குடியேற முடியாது. மாவு நின்றால் புளிப்பு நிற்கிறது, ஈகோலை வந்து உட்கார்கிறது, பக்கத்துக் குழாயில் ஏறுகிறது. 1993ல் ராஸ், ஸ்டாம் என்ற இருவர் இதை இஸ்ரேலில் சோதித்தார்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் 93 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரியால் கிரீம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத கிரீம். அளவு அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த அதே அரை மில்லிகிராம். எட்டு மாதத்தில், மருந்தில்லாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருவருக்கு 5.9 முறை என்ற கணக்கில் தொற்று வந்தது, மருந்து வைத்தவர்களுக்கு 0.5. பி.ஹெச். 5.5லிருந்து 3.8க்கு இறங்கியது. சின்ன எண் மாதிரி தெரியும், ஆனால் இது மடக்கை அளவு. அமிலம் சுமார் ஐம்பது மடங்கு.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மனைவிதான் சொன்னாள். மருத்துவரிடம் மறுபடி போய், தாளை மேசையில் விரித்து வைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். மார்பகப் புற்றுநோய் இருந்ததா? இல்லை. இருந்திருந்தால் அந்த மருத்துவரைக் கேட்காமல் தொடங்க மாட்டேன் என்றார். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டாவது ரத்தம் பட்டதா? இல்லை. இனி எப்போது பட்டாலும், கிரீம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், உடனே வரவேண்டும் என்றார். முதல் வாரம் லேசாக எரியலாம், சுவர் மெலிசாக இருப்பதால்தான், அதற்காக நிறுத்தக் கூடாது. வறட்சி குறையச் சில வாரம் ஆகும், முழுப் பலனுக்கு மூன்று மாதம். நிறுத்தினால் திரும்பிவிடும். உடல் கொதிப்பு பெரும்பாலும் சில வருடத்தில் தானாக அடங்கும், வறட்சி அப்படியில்லை, விட்டால் கூடிக்கொண்டேதான் போகும். கல்ச்சர் இல்லாமல் இனி ஆன்டிபயாடிக் சாப்பிடாதீர்கள் என்றும் சொன்னார்.

2025 நவம்பரில் அமெரிக்க அமைப்பு அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை நீக்க முடிவு செய்திருப்பதாக அறிவித்தது. 22 வருடம். அம்மாவின் டப்பாவில் இருக்கும் தாள் எப்போது மாறுமோ.

அவளுக்கு இரண்டாவது மாதத்திலேயே எரிச்சல் போய்விட்டது. ராத்திரி எழுந்திருப்பது முழுக்க நிற்கவில்லை, நான்கு தடவை ஒன்றாகக் குறைந்தது. கிரீம் வைக்கும் நாள் மறக்காமலிருக்க நாட்காட்டியில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்கிறாள். போன மாதம் நான் வீட்டிலிருந்தபோது அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன இது, புதுசா விரதமா?"

"ஆமா" என்றாள் அம்மா, சொம்பிலிருந்து தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே.