ஸ்டார் வார்ஸ்: பார்க்கும் வரிசை

ஜார்ஜ் லூக்காஸ் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ் தொடரில் 1977இல் முதலில் திரைக்கு வந்த படம், கதைக்காலப்படி நான்காம் பாகம். அந்த எண் 1981 மறுவெளியீட்டில்தான் அதன் தொடக்க எழுத்துகளில் சேர்ந்தது. ஐந்தாம், ஆறாம் பாகங்கள் 1980, 1983இல் வந்தன. அனக்கின் ஸ்கைவாக்கரின் இளமையைச் சொல்லும் முதல் மூன்று பாகங்கள் 1999 முதல் 2005 வரை வெளியாயின. இறுதி மூன்றும் (2015–2019) எந்த வரிசையிலும் கடைசியே.

கதைக்கால வரிசையில் பார்ப்பவருக்கு, ஐந்தாம் பாகம் இறுதிக்கட்டம்வரை மறைத்துவைக்கும் டார்த் வேடரின் அடையாளம் மூன்றாம் பாகத்திலேயே தெரிந்துவிடும். அதை அறியும்போது நாயகன் லூக் அடையும் அதிர்ச்சி பார்ப்பவரைத் தொடாது. நான்கு, ஐந்தைப் பார்த்து, ஒன்று முதல் மூன்றுக்குச் சென்று, ஆறுக்குத் திரும்பும் வழி ரகசியத்தைக் காக்கும். ஆனால் லூக்கின் கதை நடுவில் நெடுநேரம் நின்றுவிடும். முதன்முறை பார்ப்பவருக்கு, இவ்விரு குறைகளும் இல்லாத வெளியீட்டு வரிசையே ஏற்றது.