கட்டளைகள் நிறைவேறாத காலைப்பொழுது: 2015ஆம் ஆண்டுச் சுவிஸ் பிராங்கு அதிர்ச்சி

சந்தை வீழும்போது முதலீட்டாளர் பலரும் நம்பியிருப்பது நட்டத்தடுப்புக் கட்டளையையாகும். குறித்த விலைக்குக் கீழே இறங்கினால் உடனே விற்றுவிடும்படி தரகருக்கு இடப்படும் ஆணையே அது. அந்நம்பிக்கையின் எல்லையைச் சுவிற்சர்லாந்தின் நாணய வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

2011 செப்தெம்பர் 6ஆம் திகதி, ஒரு யூரோவின் பெறுமதி 1.20 பிராங்கிற்குக் கீழே இறங்க இடமளிக்கப்படமாட்டாது எனச் சுவிஸ் தேசிய வங்கி அறிவித்தது. மூன்றாண்டுகளுக்கு மேலாக அவ்வாக்குறுதி நிலைத்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் வீதம் 1.20இற்குச் சற்று மேலேயே ஒட்டிக் கிடந்தது. 2015 சனவரி 15ஆம் திகதி காலை 10.30 மணிக்கு அவ்வெல்லை முன்னறிவித்தலின்றி நீக்கப்பட்டது. சில நிமிடங்களுள் யூரோ ஒரு பிராங்கிற்கும் கீழே வீழ்ந்தது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒருவர் 2,400 பிராங்கை ஈடாக வைத்து, 1.2010 வீதத்தில் 100,000 யூரோ வாங்கினார் எனக் கொள்வோம். 1.1990இல் விற்குமாறு அவர் கட்டளையிட்டார். அவர் எதிர்பார்த்த நட்டம் 200 பிராங்கு மாத்திரமே. ஆனால் 1.1990இல் வாங்குவோர் எவருமிலர். கட்டளை ஒரு விலைக்கான உத்தரவாதமன்று; அவ்விலை தொடப்பட்டதும், அடுத்துக் கிடைக்கும் விலைக்கு விற்கும் வேண்டுகோளேயாகும். அடுத்த விலை 1.02 ஆயின் நட்டம் 18,100 பிராங்கு. ஈடு முழுதும் அழிந்தபின்னரும் அவர் தரகருக்கு 15,700 பிராங்கு கடன்படுகின்றார். உண்மையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. எப்.எக்ஸ்.சி.எம். என்னும் தரகு நிறுவனத்துக்கு அதன் வாடிக்கையாளர் ஏறத்தாழ 225 மில்லியன் டொலர் கடன்பட்டனர்; அல்பாரியின் பிரித்தானியக் கிளை முறிவடைந்தது.

இத்தகைய நட்டத்தை முன்கூட்டியே அளவிட முடியாதா? கடந்தகால ஏற்ற இறக்கங்களைக் கொண்டு கணித்தவர்கள் ஏமாந்தனர். ஏனெனில் வீதத்தை அசையாது வைத்திருந்தது சந்தையன்று, வங்கியின் வாக்குறுதியே. அமைதி ஆபத்தின்மையைக் குறிக்கவில்லை. எனவே அழுத்தச் சோதனை வேறொரு வினாவிலிருந்து தொடங்கவேண்டும்: அவ்வாக்குறுதி இன்றே முறியுமாயின், இடையில் ஒரு விலையுமின்றி நாணயம் 15 வீதம் வீழுமாயின், எவ்வளவு எஞ்சும்? இக்கணக்கில் நட்டத்தடுப்புக் கட்டளை இல்லாததாகவே கொள்ளப்படவேண்டும். பிராங்கிற்கு எதிராக யூரோவையும் டொலரையும் வாங்கியிருப்பின், அவற்றை இரு வேறு முதலீடுகளாக அன்றி ஒன்றாகவே கூட்டவேண்டும். அன்று இரண்டும் ஒருங்கே வீழ்ந்தன.

மேற்கூறியவர் தம் 2,400 பிராங்கில் பாதியை மட்டுமே இழக்கச் சம்மதித்திருப்பாராயின், அவர் வாங்கத்தக்க தொகை 8,000 பிராங்குப் பெறுமதியே. அவர் வாங்கியதோ 120,100 பிராங்குப் பெறுமதி. வீழ்ச்சி எந்நாளில் வரும் என்பதை இச்சோதனை கூறாது. 15 வீதம் என்பதும் ஓர் ஊகமே. ஆயினும் ஒருவரைக் காப்பது கட்டளை இடப்பட்ட விலையன்று, அவர் வாங்கிய அளவே என்பதை அது முன்னரே உணர்த்திவிடுகின்றது.