கியூஆர் விற்பனையும் வங்கியில் சேரும் பணமும்: கணக்கு பார்ப்பது எப்படி?

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு மளிகைக் கடையில், வியாழக்கிழமை டுயிட்நவ் கியூஆர் வழி 640 ரிங்கிட் விற்பனை நடந்ததாக வைத்துக்கொள்வோம். மறுநாள் வங்கியில் சேர்ந்ததோ 518 ரிங்கிட் 70 சென். மீதி 121 ரிங்கிட் 30 சென் எங்கே?

வணிகக் கணக்கில் பணத்தைச் சேவை நிறுவனம் தொகுத்து, பெரும்பாலும் மறு வேலைநாளில் போடுகிறது. அது கணக்கை முடிக்கும் நேரம் இரவு 8 மணி என்றால், அதற்குப் பின் நடந்த விற்பனை அடுத்த தொகுப்பில்தான் வரும். இக்கடையில் 8 மணிக்குப் பின் 120 ரிங்கிட் விற்பனை. அது நிலுவை, நட்டமல்ல.

எஞ்சிய 520 ரிங்கிட்டுக்கு 0.25 விழுக்காடு கட்டணம் என்றால் 1 ரிங்கிட் 30 சென். கணக்கு சரியாகிறது. கட்டண விகிதமும் விலக்கும் ஒப்பந்தத்தைப் பொறுத்தவை. ஒவ்வொரு ரசீதுக்கும் தனித்தனியே கட்டணம் கணக்கிடப்பட்டால், ஓரிரு சென் வேறுபடலாம்.

எனவே விற்பனை, கட்டணம், வங்கியில் சேர்ந்தது, நிலுவை என நான்கு பத்திகள் போட்டு எழுதினால் போதும். அடுத்த தொகுப்பில் 119 ரிங்கிட் 70 சென் வந்ததும் நிலுவையை அடித்துவிடலாம். வராவிட்டால், பரிவர்த்தனை எண்ணைக் காட்டிச் சேவை நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

நோட்டில் எழுதிய விற்பனை கடையின் செயலியிலேயே இல்லையென்றால், அது நிலுவையல்ல. வாடிக்கையாளர் காட்டிய படத்தை மட்டும் நம்பிப் பொருள் கொடுத்திருக்கலாம். கடையின் செயலியில் பதிவு வந்த பிறகே பொருளைக் கொடுப்பது நல்லது.