கார்ல பாட்டு போடுறது யாரு? 4 பேர், 4 ரசனை... சண்டை இல்லாமல் க்யூவைப் பிரிப்பது எப்படி?

வார இறுதி ட்ரிப். காரில் நான்கு பேர். ஒருவருக்கு இளையராஜா, ஒருவருக்கு அனிருத் குத்துப் பாட்டு, ஒருவருக்கு ஆங்கில ராக், இன்னொருவருக்குக் கர்நாடக இசை. தாம்பரம் தாண்டும் வரை "உனக்குப் பிடிச்சதைப் போடு மச்சி" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். திண்டிவனம் வரும்போது ஒருவர் காதில் இயர்போன் ஏறியிருக்கும். அவர் தூங்கவில்லை. "நம்ம பாட்டு இனி வராது" என்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ரசனை வித்தியாசம் அல்ல, பாட்டு வரிசையைப் பிரிக்கும் முறைதான். நியாயமாகத் தெரியும் இரண்டு முறைகள் உண்மையில் நியாயமாக இல்லை என்பதை முதலில் பார்க்கலாம்.

'ஆளுக்கு ஒரு பாட்டு' ஏன் சரிவராது?

சென்னையிலிருந்து ஏற்காடு போகும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் வழியாகச் சுமார் 360 கிலோமீட்டர். சாப்பாடு, டீ, டோல்கேட், போன் கால், அரட்டை எல்லாம் போக, பாட்டு ஓடும் நேரம் 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 300 நிமிடம்.

இப்போது ஆளுக்கு ஒரு பாட்டு என்று சுற்றி வந்தால் என்ன ஆகும்? குத்துப் பாட்டு 4 நிமிடம், ராஜா பாட்டு நாலரை, ராக் பாட்டு ஐந்தரை, கச்சேரிக் கீர்த்தனை ஒன்று 16 நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்கு 30 நிமிடம். மொத்தம் 10 சுற்று. பயணம் முடியும்போது குத்துப் பாட்டு ரசிகருக்குக் கிடைத்தது 40 நிமிடம். ராஜா ரசிகருக்கு 45, ராக் ரசிகருக்கு 55. கர்நாடக இசை ரசிகருக்கு மட்டும் 160 நிமிடம். எல்லோரும் தலா 10 பாட்டு போட்டிருக்கிறார்கள், யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒருவருக்கே போய்விட்டது. (ராகம் தானம் பல்லவியை எடுத்தார் என்றால் கணக்கு இன்னும் மோசம்.)

அடுத்தது ஓட்டெடுப்பு. "மெஜாரிட்டி என்ன சொல்லுதோ அதைப் போடலாம்" என்பது கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும். காரில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. மூன்று பேருக்குச் சினிமாப் பாட்டு ஓகே, ஒருவருக்கு மட்டும் வேறு ரசனை என்றால், ஒவ்வொரு ஓட்டிலும் அதே ஆள்தான் தோற்பார். 300 நிமிடத்தில் அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இயர்போன் ஏறுவது இங்கேதான்.

பாட்டை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள்

ஆளுக்கு 15 நிமிடம் என்று நேரமாகப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். நான்கு பேரும் முடித்ததும், எல்லோருக்கும் பொதுவான பாட்டுகளுக்கு ஒரு 15 நிமிடம். ஆக ஒரு சுற்று 75 நிமிடம். 300 நிமிடத்தில் சரியாக 4 சுற்று. ஒவ்வொருவருக்கும் 60 நிமிடம், பொதுப் பாட்டுக்கும் 60 நிமிடம்.

பாட்டு சரியாக 15-வது நிமிடத்தில் முடியாதே என்று கேட்கலாம். அதற்குக் கடன் கணக்கு போதும். நேரம் மிச்சம் இருந்தால் அடுத்த பாட்டைத் தொடங்கலாம். கூடுதலாக ஓடிய நேரம் அவருடைய அடுத்த முறையில் கழியும். ராக் ரசிகர் இரண்டு பாட்டு போட்டு 11 நிமிடம் ஆகிவிட்டது. மூன்றாவதையும் போடுகிறார், மொத்தம் பதினாறரை நிமிடம். கடன் ஒன்றரை நிமிடம். அடுத்த முறை அவருக்குப் பதிமூன்றரை நிமிடம்தான். 16 நிமிடக் கீர்த்தனை போட்டவருக்குக் கடன் ஒரு நிமிடம். பாட்டை நடுவில் வெட்ட வேண்டிய அவசியமே வராது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 14-வது நிமிடத்தில் ஒருவர் 16 நிமிடப் பாட்டைத் தொடங்கினால் கணக்குப்படி தப்பில்லை, அடுத்த முறை முழுக்க அவர் கடனில் போய்விடும். ஆனால் மற்ற மூவரும் அரை மணி நேரம் ஒரே மாதிரி இசையைக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் 10 நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டை அவரவர் நேரத்தின் தொடக்கத்தில் மட்டும் போடலாம் என்று ஒரு நிபந்தனை வைத்துக்கொள்வது நல்லது.

போன் கால் வந்தாலோ டீக்கு நிறுத்தினாலோ கடிகாரமும் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தொடங்கும் ஆளையும் மாற்றுங்கள். முதல் சுற்றில் முதலில் போட்டவர் இரண்டாம் சுற்றில் கடைசி. இல்லையென்றால் எல்லோரும் தூங்கி வழியும் மத்தியான நேரம் ஒருவர் தலையிலேயே விழும்.

'வேணாம்' சொல்லும் உரிமை

அடுத்தவர் நேரம் என்றாலும் சில பாட்டுகள் தாங்காது. பிரிந்துபோன காதலை ஞாபகப்படுத்தும் பாட்டாகக்கூட இருக்கலாம். எனவே ஆளுக்கு மூன்று முறை, காரணம் சொல்லாமல் 'வேணாம்' சொல்லலாம். பாட்டு தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, தள்ளப்பட்ட பாட்டுக்குப் பதில் பாட்டை அதே ஆள்தான் தேர்ந்தெடுப்பார். அவர் நிமிடம் குறையாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் 'வேணாம்' என்பது அடுத்தவர் நேரத்தைப் பிடுங்கும் ஆயுதமாகிவிடும். ஒரே ஆளின் பாட்டுக்கே மூன்று பேரும் 'வேணாம்' சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே பிரச்னை பாட்டு இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பொதுப் பாட்டு எங்கே கிடைக்கும்?

கிளம்புவதற்கு முந்தைய நாள் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு 10 பாட்டு போடச் சொல்லுங்கள். மற்றவர்கள் பிடிக்காததை மட்டும் அடிக்க வேண்டும். யாரும் அடிக்காத பாட்டுகள்தான் பொதுப் பட்டியல். 40-ல் 13, 14 தேறினாலே 60 நிமிடத்துக்குப் போதும். ஓட்டெடுப்பு பயன்படும் இடம் இது ஒன்றுதான்.

அப்படித் தேறுவதற்கு வாய்ப்புள்ளவை இரண்டு ரசனைகளின் எல்லையில் நிற்கும் பாட்டுகள். 'தளபதி' (1991) படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' நல்ல உதாரணம். ஆட்டப் பாட்டாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் தேவாரப் பாடல் வரும். குத்து ரசிகரும் அடிக்க மாட்டார், கச்சேரி ரசிகரும் அடிக்க மாட்டார். 'காதலன்' (1994) படத்தின் 'பேட்ட ராப்' பாட்டில் ராப்போடு சேர்ந்து தேனி குஞ்சரம்மாவின் கிராமியக் குரலும் கேட்கும். தீ, அறிவு பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' (2021) ராப்பையும் ஒப்பாரியையும் ஒன்றாக்கியது. 'இளைய நிலா' (1982) பாட்டின் கிட்டாரை ராக் ரசிகர் நிச்சயம் கவனிப்பார்.

ராக், கர்நாடகம் இரண்டுக்கும் நடுவே வழியே இல்லை என்று தோன்றலாம். இருக்கிறது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் தபலா கலைஞர் ஜாகிர் உசேனும் 1970-களில் தொடங்கிய 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடம் இருந்தது. 2024-ல் கிராமி விருது வாங்கிய அதே குழுவில் பாடியவர் சங்கர் மகாதேவன். சினிமா ரசிகருக்கும் அறிமுகமான குரல். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பம் கர்நாடக இசையையும் பாக் என்ற ஜெர்மானிய இசைமேதையின் பாணியையும் வயலினில் சேர்த்தது. பாடகரே இல்லாத இசை என்பதால் பேச்சுக்கும் இடைஞ்சல் இல்லை.

போன் யார் கையில்?

ஓட்டுபவர் கையில் மட்டும் கூடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், வண்டி ஓட்டும்போது கையில் போன் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்க்கப்பட்டுள்ளது. போன் முன் சீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் இருக்கட்டும். ஓட்டுபவருக்கும் மற்றவர்களைப் போல 15 நிமிடம்தான். ஆனால் சத்தத்தைக் குறைக்கவோ பாட்டை நிறுத்தவோ அவர் சொன்னால் அதில் விவாதம் கிடையாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எதிரே வரும் வண்டியின் ஹாரன் கேட்க வேண்டும் என்றால் அங்கே குத்துப் பாட்டுக்கு இடமில்லை. ஓட்டுபவருக்குத் தூக்கம் வந்தாலும் சத்தத்தைக் கூட்டிப் பலனில்லை, வண்டியை ஓரம் கட்டுவதுதான் வழி.

ஸ்பாட்டிஃபையில் 2023-ல் வந்த Jam வசதி மூலம் அவரவர் போனிலிருந்தே ஒரே க்யூவில் பாட்டு சேர்க்கலாம். தொடங்குபவரிடம் பிரீமியம் இருக்க வேண்டும். ஆனால் யாருக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கு அதற்குத் தெரியாது. பின் சீட்டில் இருப்பவர் கடகடவென எட்டுப் பாட்டைத் தள்ளினால் எட்டும் வரிசையில் நிற்கும். எனவே தன் முறை வரும்போது மட்டும் சேர்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிளேலிஸ்ட் போட்டு ஓடவிட்டால் Smart Shuffle அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யாரும் கேட்காத பாட்டை ஆப்பே நடுவில் செருகும். மலையில் நெட்வொர்க் விட்டு விட்டு வரும் என்பதால் கடைசி ஒரு மணி நேரப் பாட்டுகளை வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிடுவது நல்லது. பழைய பதிவுகள் மெதுவாகவும் புதியவை அலறலாகவும் கேட்டால், சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது.

ஊர் போய்ச் சேரும்போது யாருக்காவது கடனோ பாக்கியோ இருந்தால் குரூப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது பாக்கி அதிகம் உள்ளவர் முதலில் பாட்டு போடலாம்.