துருவ எண்ணிக்கையும் ஒத்தியங்கு வேகமும்

மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரின் ஸ்டேட்டருக்குள் காந்தப்புலம் சுற்றும் வேகமே ஒத்தியங்கு வேகம். பட்டறைகளில் இதை சின்க்ரனஸ் ஸ்பீடு என்பார்கள். இண்டக்‌ஷன் மோட்டாரின் ரோட்டார் அந்தப் புலத்தைத் துரத்திக்கொண்டே ஓடும், எட்டிப் பிடிப்பதில்லை. பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்னோட்டம் தூண்டப்படாது, சுழற்றும் விசையும் இராது. இரண்டு வேகங்களுக்கும் உள்ள இடைவெளிக்கு நழுவல் என்று பெயர்.

பெல்ட்டால் ஓடும் எந்த இயந்திரத்துக்கும் புல்லியின் விட்டத்தை முடிவு செய்ய முதலில் மோட்டாரின் வேகம் தெரியவேண்டும். வேகம் தெரிய துருவங்கள் எத்தனை என்று தெரியவேண்டும்.

மின்சாரம் ஒரு சுழற்சியை முடிக்கும் நேரத்தில் காந்தப்புலம் ஒரு வடதுருவம், ஒரு தென்துருவம் என இரண்டு துருவங்களைக் கடக்கும். இரண்டே துருவங்கள் என்றால் அது ஒரு முழுச் சுற்று. நான்கு என்றால் அரைச் சுற்று. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3000 சுழற்சிகள். ஆகவே இரண்டு துருவ மோட்டாரில் புலம் 3000 முறையும், நான்கில் 1500, ஆறில் 1000, எட்டில் 750 முறையும் சுற்றும். சூத்திரம் இது:

Ns = 120 × f ÷ P

f என்பது ஹெர்ட்ஸ், P என்பது துருவ எண்ணிக்கை. நிமிடத்தின் 60 விநாடிகளை ஜோடிக்கு 2 துருவங்களால் பெருக்கியதே 120.

பெயர்ப்பலகை இருந்தால் மோட்டாரைத் திறக்க வேண்டியதில்லை. 1440 என்று போட்டிருந்தால், அதற்கு அடுத்து மேலே வரும் ஒத்தியங்கு வேகம் 1500. எனவே 4 துருவம். கீழே உள்ள எண்ணை எடுக்கக் கூடாது, ஏனெனில் மோட்டார் தன் புலத்தை முந்தி ஓடாது. மின்விசிறியில் இது நன்றாகப் பிடிபடும். 380 சுற்று ஓடும் விசிறிக்கு 16 துருவத்தின் 375 மிக அருகில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 380 அதைவிட அதிகம், ஆகவே அது இராது. 14 துருவத்தின் 428 தான் சரி. விசிறியில் நழுவல் தாராளமாகவே இருக்கும்.

பலகை தொலைந்த மோட்டாரில்தான் ஏமாறுவது. 36 ஸ்லாட் கொண்ட மூன்று ஃபேஸ் ஸ்டேட்டர் ஒன்றைத் திறந்து பார்ப்பதாகக் கொள்வோம். ஒரு ஃபேஸுக்கு எத்தனை காயில் குழுக்கள் என்று எண்ணினால் 2 வருகிறது. இரண்டு துருவம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் 36 ஸ்லாட்டுக்கு 18 காயில்களே உள்ள ஒற்றை அடுக்குச் சுற்றில், இரு குழுக்களையும் ஒரே துருவமாக வரும்படி இணைத்திருக்கலாம். அப்போது எதிர்த்துருவங்கள் இடைவெளிகளில் தாமாகவே உருவாகும். மொத்தம் 4 துருவம். இரண்டில் எது என்று காயிலின் அகலம் சொல்லிவிடும். குழுவின் நடுக் காயில் 9 ஸ்லாட் தாண்டிப் போனால், 36-ஐ 9 ஆல் வகுக்க 4 துருவம். 15 போல அகன்று விரிந்தால் 2 துருவம். இதைப் பார்க்காமல் 2880 சுற்று என்று நம்பி, 720 சுற்று வேண்டிய இயந்திரத்துக்கு மோட்டாரின் 4 அங்குலப் புல்லிக்கு எதிராக 16 அங்குலம் போட்டால், அது 360 தான் ஓடும். 8 அங்குலமே போதுமானதாக இருந்திருக்கும்.

திறக்காமலும் எண்ணலாம். மின் இணைப்பை அறவே எடுத்துவிட்டு, ஒரு ஃபேஸின் இரு முனைகளில் முள் வைத்த மீட்டரை மில்லிஆம்பியரின் மிகச் சிறிய அளவில் பொருத்தி, தண்டைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றவேண்டும். ரோட்டாரில் எஞ்சிய காந்தத்தால் முள் இருபக்கமும் ஆடும். முழு ஆட்டம் எத்தனையோ அத்தனை ஜோடித் துருவங்கள். காந்தம் எஞ்சாத மோட்டாரில் முள் அசையாது. அப்போது திறந்துதான் ஆகவேண்டும்.

அதிர்வெண் எல்லா இடத்திலும் 50 அல்ல. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்க வயலுக்குப் போன மின்சாரம் 25 ஹெர்ட்ஸ். அதில் 4 துருவப் புலம் 750 முறை சுற்றும். தென்னகத் தொகுப்பு தேசியத் தொகுப்புடன் இணைந்தது 2013 டிசம்பர் 31-இல். அதற்கு முன், 1990-களில், அதிர்வெண் 48.5-க்கும் கீழே இறங்குவது வழக்கமாக இருந்தது. 48.5-இல் 4 துருவப் புலம் 1455 சுற்று. 3 சதவீதமே குறைவு என்றாலும் பம்பு தூக்கும் உயரம் வேகத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் அது சுமார் 6 சதவீதம் குறையும்.

சவுதியில் 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்த மோட்டாரில் 1750 என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ் கணக்கு பொருந்தாது: மேலே உள்ள 3000-க்கு நழுவல் 40 சதவீதத்தைத் தாண்டும். பலகையில் 60 ஹெர்ட்ஸைப் பார்த்துவிட்டால் 1800, அதாவது 4 துருவம். இங்கே அதன் புலம் 1500 தான் சுற்றும். 380 வோல்ட் என்று பொறித்த அந்த மோட்டாரை 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் நேரே இணைத்தால் இரும்பில் காந்தப்பாயம் ஏறத்தாழ 31 சதவீதம் கூடும். சுமையே இல்லாதபோதும் ஆம்பியர் ஏறி உடல் சுடுவது அதன் அடையாளம். 380 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் வெளியீடு வைத்த வி.எஃப்.டி. வழியாக ஓட்டினால் பழைய 1750 திரும்பக் கிடைக்கும்.