"சூப்பர் இடம் சார்" என்றார் புரோக்கர்... அப்ரூவல் இல்லை என்று பிறகு தெரிந்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலையில் மனை பார்க்கப் போகிறவர்களிடம் புரோக்கர்கள் சொல்வதில் பெரும்பகுதி ஒரே மாதிரிதான் இருக்கும். "இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அடுத்த வருஷம் விலை ரெண்டு மடங்கு. வாசல்ல நின்னா பழனி கோயில் தெரியும். அப்ரூவல் எல்லாம் பக்கா." நாலுமே பேச்சுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் நாலும் ஒன்றல்ல.

ஒரு உதாரணம் பார்ப்போம். 5 சென்ட் மனை, சென்ட் 3 லட்சம் ரூபாய், மொத்தம் 15 லட்சம். வாங்குபவர் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போடுகிறார். ஒரு மாதம் கழித்துதான் அந்த லேஅவுட்டுக்கு அனுமதியே இல்லை என்று தெரிய வருகிறது. இப்போது அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமா?

எது வெறும் பேச்சு, எது பொய்?

"நல்ல இடம்" என்பது அபிப்பிராயம். அது உண்மையா பொய்யா என்று அளந்து பார்க்க வழியில்லை, அதை நம்பித்தான் பணம் கொடுத்தேன் என்றால் நீதிமன்றம் ஏற்பது கடினம். விலை ஏறும் என்பதும் கணிப்புதான். ஆனால் "இந்த ரோடு நாலுவழிச் சாலையா மாற ஆர்டர் வந்தாச்சு, அதனால விலை ஏறும்" என்று இல்லாத ஆர்டரைச் சொன்னால், அது கணிப்பு அல்ல. சரிபார்க்கக்கூடிய ஒரு தகவல், அதுவும் பொய்யான தகவல்.

"அப்ரூவல் பக்கா" என்பதும் இந்த வகைதான். அனுமதி இருக்கிறது அல்லது இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தெரிந்தே பொய் சொல்லி ஏமாற்றுவதை பிரிவு 17இல் மோசடி என்கிறது. "நானும் இருக்குன்னுதான் நினைச்சேன்" என்று விற்பவர் சொல்லலாம். அதற்கு பிரிவு 18 இருக்கிறது. உண்மை என்று நம்பியே சொன்னாலும், உறுதியாகச் சொல்வதற்குத் தகுந்த ஆதாரம் கையில் இல்லாவிட்டால், அது தவறான தகவல் தந்ததாகவே கருதப்படும்.

"சொன்னது புரோக்கர், நான் இல்லை" என்றும் எளிதில் தப்ப முடியாது. விற்பவர் சார்பில் பேசும் ஏஜென்ட், அந்த வேலையின் ஊடே சொன்ன பொய் விற்பவரையே கட்டுப்படுத்தும் என்கிறது பிரிவு 238.

எப்போது ரத்து செய்யலாம்?

மோசடியோ தவறான தகவலோ, அதனால்தான் சம்மதித்தார் என்றால், ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்கிறது பிரிவு 19. ஒப்பந்தம் தானாகச் செத்துப்போவதில்லை. ரத்தா, தொடர்வதா என்பது அவர் கையில்.

பலர் கோட்டை விடும் இடம் இதே பிரிவில்தான் இருக்கிறது. தவறான தகவலாக இருந்தாலோ, மறைத்துப் பேசாமல் இருந்த மோசடியாக இருந்தாலோ, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ரத்து செய்ய முடியாது. கோயில் தெரியும் என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மனையில் போய் நின்று பார்த்தவர், பிறகு "தெரியலையே" என்று வழக்குப் போட்டால் நிற்காது.

அப்ரூவல் விஷயத்திலும் எதிர்த் தரப்பு இதைத்தான் பிடிக்கும்: "நம்பர் கேட்டு ஆபீஸ்ல விசாரிச்சிருக்கலாமே?" ஆனால் போலி அனுமதிக் கடிதத்தையே காட்டி ஏமாற்றியிருந்தால் கதை வேறு. அது வாய்திறந்து செய்த நேரடி மோசடி, இந்த விதிவிலக்கு அதற்குப் பொருந்தாது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அதனால் புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், நோட்டீஸ், கடித நகல் எதையும் அழிக்கக் கூடாது. வழக்கே அதில்தான் நிற்கும்.

கொடைக்கானலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஹாகா எனப்படும் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. சமவெளியில் மனை வாங்கிப் பழகியவர் அதைக் கேட்கவே மாட்டார். எந்த அனுமதி, என்ன எண், எந்தத் தேதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினால், அது வாய்ப்பேச்சாக இல்லாமல் போகும். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் பார்க்கலாம். ஆனால் அதில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும், அப்ரூவல் தெரியாது.

உண்மை தெரிந்த பிறகு...

நம் உதாரணத்தில் வாங்குபவர், விஷயம் தெரிந்தும் "சரி, பார்த்துக்கலாம்" என்று இன்னொரு 1 லட்சம் கொடுத்தால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடலாம். அதற்குப் பிறகு ரத்து கேட்பது கஷ்டம். அதனால் தெரிந்ததும் பணம் கொடுப்பதை நிறுத்தி, ரத்து செய்வதாகவும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தானும் அந்த ஒப்பந்தத்தில் பெற்றது ஏதாவது இருந்தால் திருப்பித்தர வேண்டும். முறையாக ரத்து செய்தவர் நஷ்டஈடும் கேட்கலாம்.

விற்பவர் மறுத்தால் சிவில் நீதிமன்றம்தான். ரத்துக்கு வழக்குப் போட, உண்மை தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் அவகாசம். ரேரா சட்டத்தின் கீழ் வரும் லேஅவுட்டாக இருந்தால் வேறு வழியும் உண்டு. விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர், விலகும்போது முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம் என்கிறது அதன் பிரிவு 12.

கிரயம் முடிந்து பத்திரமும் பதிவாகிவிட்டால் நோட்டீஸ் மட்டும் போதாது, பத்திரத்தை ரத்து செய்ய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குள் மனை நல்லெண்ணத்தில் பணம் கொடுத்த மூன்றாவது ஆள் கைக்குப் போயிருந்தால், நீதிமன்றமும் ரத்தை மறுக்கலாம்.